முடிந்த படத்திலிருந்து டீசர்: ஒரே காட்சியா, துண்டுகளின் தொகுப்பா, ஒரு குரலா?

சித்தூர், கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம் பக்கங்களிலும், எல்லையைத் தாண்டிக் கோபாலபுரம், பொள்ளாச்சி வரையிலும் தமிழில் சிறு படங்கள் எடுக்கும் குழுக்கள் படத்தொகுப்பும் ஒலிக்கலவையும் முடித்துவிட்டு வந்து கேட்கும் கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான். படம் கையில் இருக்கிறது, திரையிடும் நாளும் முடிவாகிவிட்டது, ஒரு நிமிடத்துக்குள் அடங்கும் டீசர் ஒன்று வேண்டும்; அதற்குப் படத்தின் ஒரு காட்சியை அப்படியே எடுத்து வைப்பதா, பல இடங்களிலிருந்து துண்டுகளை எடுத்து இசையின் மீது கோப்பதா, அல்லது ஒரு கதாபாத்திரத்தின் பேச்சை மட்டும் எடுத்துக்கொண்டு அதன் மேல் படங்களை ஓட விடுவதா என்பதே அந்தக் கேள்வி. மூன்று வழிகளுக்கும் உரிய இடம் உண்டு. ஆனால் புதுமுகங்கள் நடித்த, பெயர் அறியப்படாத இயக்குநரின் படத்துக்கு இம்மூன்றும் சமமான வழிகள் அல்ல என்பது என் தீர்மானமான கருத்து. அதற்கான காரணங்களை ஒரு படத்தை வைத்தே விளக்குகிறேன்.

எதை வைத்து எடைபோடுவது

ட்ரெய்லர் கதையின் உருவத்தைச் சொல்கிறது. யார், என்ன சிக்கல், அது எவ்வளவு பெரிதாகிறது என்பதுவரை போகிறது. டீசருக்கு அந்த வேலை இல்லை. அது பார்ப்பவரிடம் ஒரே ஒரு கேள்வியை விட்டுச் சென்றால் போதும். எனவே முதல் அளவுகோல், இந்த வெட்டு எந்தக் கேள்வியை விட்டுச் செல்கிறது, அதற்கான பதிலைத் தவறுதலாகக் கூடவே கொடுத்துவிடுகிறதா என்பது.

இரண்டாவது அளவுகோல், ஒலி இல்லாமல் ஓடும் முதல் மூன்று விநாடிகள். இன்று டீசரைப் பலர் முதன்முதலாகப் பார்ப்பது கைபேசியில் விரலால் தள்ளிக்கொண்டு போகும்போதுதான். அப்போது ஒலி அணைந்திருப்பது சாதாரணம். அந்த மூன்று விநாடிகளில் படம் மட்டுமே பேச வேண்டும்.

மூன்றாவது, ஒலி எந்த அளவுக்கு வெட்ட இடம் கொடுக்கிறது என்பது. நான்காவது, வெளியே தெரியாத செலவு: புதிய இசை, உரிமம், வண்ணச் சீரமைப்பு, கைபேசியை நிமிர்த்திப் பிடித்துப் பார்ப்பதற்கான நீள்வாக்குப் பிரதி, சப்டைட்டில் ஆகியவற்றுக்கு ஆகும் உழைப்பும் பணமும். ஐந்தாவதாக ஒன்றைச் சேர்க்கிறேன், அதுவே எனக்கு முக்கியமானது: டீசர் கொடுக்கும் வாக்கும் படம் கொடுப்பதும் ஒன்றாக இருக்கின்றனவா? வேறு ஏதோ படத்தை எதிர்பார்த்து வந்து அமர்ந்தவர் பத்தாவது நிமிடத்தில் எழுந்து போவதற்கு டீசரே காரணமாக இருந்துவிடக் கூடாது.

தேர்வுக்கு முன்: கையில் எந்தக் கோப்பு இருக்கிறது

எந்த வழியைத் தேர்ந்தெடுக்கலாம் என்பதைப் பல சமயங்களில் விருப்பம் தீர்மானிப்பதில்லை. கையில் இருக்கும் கோப்புதான் தீர்மானிக்கிறது. படத்தின் இறுதிப் பிரதி ஒன்று மட்டும் இருந்து, அதில் வசனம், இசை, சூழல் ஒலி மூன்றும் ஒன்றாகக் கலந்து ஒரே தடமாகிவிட்டிருந்தால், பின்னணி இசை ஓடும் எந்த இடத்தையும் நடுவில் வெட்ட முடியாது. வெட்டினால் இசை பாதியில் அறுந்து, அடுத்த துண்டில் வேறு சுருதியில் தொடங்கும். காது அதை உடனே பிடித்துவிடும். கண்ணை ஏமாற்றும் வெட்டு காதை ஏமாற்றாது. மாறாக, ஒலிக்கலவை செய்தவர் வசனம், இசை, சூழல் ஒலி ஆகியவற்றைத் தனித்தனித் தடங்களாக, அதாவது ஸ்டெம்களாக, கொடுத்திருந்தால் இசையை மட்டும் நீக்கிவிட்டு வேண்டிய இடத்தில் வெட்டலாம்.

இதேபோல், சப்டைட்டிலும் பெயர் எழுத்துகளும் பதியாத சுத்தப் பிரதி ஒன்று தேவை. திரையிலேயே ஆங்கில சப்டைட்டில் எரிந்து பதிந்துவிட்ட பிரதியிலிருந்து டீசர் வெட்டினால், அதன் மேல் மலையாள சப்டைட்டில் வைக்க இடம் இருக்காது. இந்த எல்லைப் பகுதியில் அது சிறிய குறை அல்ல. யூடியூபில் ஏற்றுவதற்காகச் சுருக்கிய பிரதியிலிருந்து வெட்டுவதையும் தவிர்க்க வேண்டும். ஏற்கெனவே சுருங்கிய படம் மீண்டும் ஒருமுறை சுருங்கும்போது, இரவுக் காட்சிகளின் இருட்டு கட்டம் கட்டமாக உடைந்து தெரியும். ProRes 422 HQ போன்ற தரமான மாஸ்டரிலிருந்தே தொடங்க வேண்டும். படத்தொகுப்பின் மூல டைம்லைன் தொலைந்துபோயிருந்தால், DaVinci Resolve மென்பொருளில் உள்ள Scene Cut Detection அந்த மாஸ்டரை ஷாட் ஷாட்டாகப் பிரித்துத் தரும். ஆனால் ஒரு ஷாட் மங்கி அடுத்ததில் கரையும் இடங்களை அது அடிக்கடித் தவறவிடும் என்பதால் அவற்றைக் கண்ணால் பார்த்துச் சரிசெய்ய வேண்டும்.

எடுத்துக்கொள்ளும் படம்

படம் 38 நிமிடம். அண்ணனும் தம்பியும்; அப்பா விட்டுச் சென்ற நிலம் மாநில எல்லையில் இரண்டாகப் பிரிகிறது. கிணறு தமிழ்நாட்டுப் பக்கம் அண்ணனிடம். தென்னந்தோப்பு கேரளப் பக்கம் தம்பியிடம். மும்முனை மின்சாரம் வரும் இரவு நேரத்தில் தம்பி வந்து மோட்டாரைப் போட்டுத் தன் தோப்புக்குத் தண்ணீர் எடுத்துக்கொள்வது அப்பா காலத்து வழக்கம். பதினோராவது நிமிடத்தில் தம்பி மோட்டார் ரூமுக்கு வருகிறான். கதவில் புதிய பூட்டு தொங்குகிறது. அண்ணன் இருட்டிலிருந்து வருகிறார். சாவி கேட்கும் தம்பியிடம், நெடிய மௌனத்துக்குப் பிறகு, "கெணத்த வித்துட்டேன்டா" என்கிறார். முப்பத்தொன்றாவது நிமிடத்தில் அம்மா இருவரிடமும் ஒரு வார்த்தை பேசுகிறார். கடைசிப் பகுதியில் தோப்புக்குள்ளேயே புதுக் கிணறு வெட்டும் இடத்தில் அண்ணனும் வந்து மண் சுமக்கிறார். திரைச்சட்டம் 2.39:1 என்ற அகன்ற அளவு. வேகம் விநாடிக்கு 24 ஃபிரேம்.

முதல் வழி: ஒரே காட்சி

பூட்டுக் காட்சி படத்தில் இரண்டு நிமிடத்துக்குச் சற்று மேல் ஓடுகிறது. அதை 45 விநாடியாக்குவது வெறும் சுருக்கல் அல்ல. படத்தில் தம்பி டார்ச் வெளிச்சத்தில் வரப்பில் நடந்து வரும் ஷாட் 14 விநாடி நீளம். அதுவரை பதினோரு நிமிடம் பார்த்தவருக்கு அந்த நடை ஓய்வைத் தருகிறது, டீசர் பார்ப்பவருக்கோ அது வெறும் காத்திருப்பு. எனவே மூன்று விநாடி மட்டும்: இருட்டு, ஆடும் டார்ச் வெளிச்சம், வரப்பு. ஒலி இல்லாமல் பார்த்தாலும் யாரோ இரவில் எங்கோ போகிறார் என்பது புரிகிறது. அடுத்து பூட்டின் மேல் வெளிச்சம், இடுப்பிலிருந்து எடுத்த பழைய சாவி உள்ளே நுழையாமல் நழுவுவது, ஆறு விநாடி. இந்த ஷாட்டுக்கு மொழி தேவையில்லை; இதுதான் டீசரின் அச்சாணி. பிறகு தம்பியின் முகம் நான்கு விநாடி, அதன் மேல் தூரத்துத் தோட்டங்களில் மின்சாரம் வந்து மோட்டார்கள் ஒவ்வொன்றாக ஓடத் தொடங்கும் ஒலி. முதுகுப்புறம் இருட்டில் அண்ணனின் உருவம், "பூட்டு மாத்தியாச்சு" என்ற குரல், ஐந்து விநாடி. இருவரும் எதிரெதிரே நிற்கும் அகன்ற ஷாட் எட்டு விநாடி. "மரமெல்லாம் காயுதுங்கண்ணா, சாவியக் குடுங்க" என்று தம்பி, ஐந்து விநாடி. அண்ணனின் முகம், பதில் இல்லை, ஐந்து விநாடி. கறுப்புத் திரை மூன்று விநாடி, அதன் மேலும் ஊரார் மோட்டார்கள் ஓடிக்கொண்டே இருக்கின்றன. பிறகு படத்தின் பெயரும் திரையிடும் நாளும் ஆறு விநாடி. மொத்தம் 45.

இதில் எல்லாமே அண்ணனின் முகத்திலிருந்து கறுப்புக்குப் போகும் அந்த ஒரு வெட்டில் இருக்கிறது. அவர் உதடு பிரியத் தொடங்கிய பிறகு வெட்டினால் வீடியோ பாதியில் அறுந்துவிட்டது என்றே பார்ப்பவர் நினைப்பார். உதடு மூடியிருந்து கண் தாழும் இடத்தில், அதாவது பேச்சு தொடங்குவதற்கு எட்டு ஃபிரேமாவது முன்னால், வெட்ட வேண்டும். எட்டு ஃபிரேம் என்பது ஒரு விநாடியில் மூன்றில் ஒரு பங்கு. அந்த வெட்டைத் தாண்டி மோட்டார் ஒலி தடையின்றித் தொடர்வதுதான், இது வேண்டுமென்றே மறைக்கப்பட்டது என்று பார்ப்பவருக்குச் சொல்கிறது. படமும் ஒலியும் ஒரே ஃபிரேமில் நின்றால் பிழைபோலத் தோன்றும். ஒலி தொடர்ந்தால் கேள்வியாகும்.

இங்கேதான் மறைந்திருக்கும் செலவும் வருகிறது. படத்தில் அண்ணன் பேசுவதற்கு இரண்டு விநாடி முன்பே வயலின் மெல்லத் தொடங்குகிறது. ஸ்டெம்கள் இருந்தால் இசைத்தடத்தை அணைத்துவிட்டு, சூழல் ஒலியை மட்டும் கறுப்பின் மேல் நீட்டலாம். கலந்த தடம் மட்டுமே இருந்தால் அண்ணனின் முகத்தை ஐந்து விநாடிக்குப் பதில் மூன்று விநாடியில் முடிக்க வேண்டும். மௌனத்தின் கனம் குறையும், ஆனாலும் டீசர் நிற்கும். கறுப்பின் மேல் ஓட விட வேண்டிய மோட்டார் ஒலியைக் காட்சியின் வேறு இடத்திலிருந்து, யாரும் பேசாத நான்கைந்து விநாடிகளிலிருந்து, எடுத்துக்கொள்ளலாம்.

இரண்டாவது செலவு கைபேசி ஒலிபெருக்கி. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் மோட்டாரின் அடிப்படை ரீங்காரம் 100 ஹெர்ட்ஸ் அருகில் இருக்கிறது. சிறிய ஒலிபெருக்கிகள் அந்த ஆழத்தை ஏறத்தாழ ஒலிப்பதே இல்லை. அரங்கில் நெஞ்சில் அதிரும் ஒலி கைபேசியில் வெறும் மௌனமாகிவிடும், கறுப்புத் திரையின் பொருளும் தொலைந்துபோகும். எனவே ரீங்காரத்தை மட்டும் நம்பாமல், தொட்டியில் தண்ணீர் விழும் ஒலியையும் பம்பின் தடதடப்பையும் மேலே கொண்டுவந்து, முடிந்த டீசரை ஹெட்ஃபோன் இல்லாமல் ஒரு சாதாரணக் கைபேசியில் கேட்டுப் பார்க்க வேண்டும். அரங்குக்காகக் கலந்த இரவுக் காட்சியின் ஒலியும் வெளிச்சமும் கைபேசிக்கு மிகவும் தாழ்ந்தவை. இரண்டையும் டீசருக்காகத் தனியே உயர்த்த வேண்டும்.

நீள்வாக்குப் பிரதியில் இந்த வழிக்கு ஓர் உண்மையான பலவீனம் உண்டு. 2.39:1 சட்டத்திலிருந்து 9:16 சட்டத்தை வெட்டினால் அகலத்தில் கால் பங்குக்கும் குறைவாகவே மிஞ்சும். இருவரும் எதிரெதிரே நிற்கும் அந்த எட்டு விநாடி ஷாட்டில் ஒருவர் மட்டுமே உள்ளே வருவார். இருவருக்கும் இடையிலுள்ள தூரம்தான் அந்த ஷாட்டின் பொருள் என்பதால் அது வீணாகும். அதை வெட்டாமல், மேலும் கீழும் கறுப்பு விட்டு, மேலே படத்தின் பெயரையும் கீழே சப்டைட்டிலையும் வைப்பதே என் பரிந்துரை. மற்ற ஆறு ஷாட்களையும் தனித்தனியே நகர்த்திப் பொருத்திவிடலாம். மொத்தம் ஏழே ஷாட் என்பதால் இது ஒரு மாலை வேலை.

ஒரு காட்சியை எல்லாப் படமும் கொடுத்துவிடாது என்பதையும் சொல்ல வேண்டும். அந்தக் காட்சி படத்தின் முதல் மூன்றில் ஒரு பங்குக்குள் இருக்க வேண்டும். முன்கதை தெரியாமலே புரிய வேண்டும். யாருக்கு என்ன வேண்டும் என்பது ஒரு பொருளின் வழியாகவோ செயலின் வழியாகவோ தெரிய வேண்டும். இப்படி ஒரு காட்சியும் இல்லை என்றால் இந்த வழியை வலிந்து பிடிக்க வேண்டாம்.

இரண்டாவது வழி: துண்டுகளின் தொகுப்பு

பெரிய நடிகர்களின் படங்களைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு டீசர் என்றாலே வேகமான துண்டுகளும் ஏறிக்கொண்டே போகும் இசையும்தான் நினைவுக்கு வரும். அந்த முறை ஏன் அங்கே வேலை செய்கிறது என்பதைக் கவனிக்க வேண்டும். ஒரு விநாடியில் மறையும் ஷாட்டில் பார்ப்பவர் புதிதாக எதையும் புரிந்துகொள்வதில்லை. ஏற்கெனவே அறிந்த முகத்தை அடையாளம் கண்டுகொள்கிறார். அந்த முகத்தின் புதுத் தோற்றமே செய்தி. முகம் அறியப்படாதபோது அதே ஒரு விநாடி வெறுமையாகக் கழிந்துவிடுகிறது. எங்கள் அண்ணன் தம்பி இருவரும் உள்ளூர் ஆட்கள். தொகுப்பில் இருவரில் யார் யார் என்று பிரித்துப் பார்ப்பதற்குள்ளேயே டீசர் முடிந்துவிடும்.

கணக்கைப் பார்த்தால், பெயருக்கும் நாளுக்கும் ஆறு விநாடி போக மிஞ்சும் 39 விநாடியில், ஷாட்டுக்கு 1.3 விநாடி என்று வைத்தால் முப்பது ஷாட் வேண்டும். 38 நிமிடப் படத்தில் தனியே நின்று கண்ணைக் கவரும் முப்பது ஷாட் எடுக்கப் போகும்போது கை தானாகவே இரண்டு பக்கம் நீளும். ஒன்று, இயற்கை: தென்னை வரிசை, பின்னால் மேற்குத் தொடர்ச்சி மலை, கள் இறக்க மரமேறுபவர், வாய்க்காலில் விழும் வெயில். சித்தூர் தாலுகா கள்ளுக்குப் பெயர் பெற்றது என்பதால், இந்த ஷாட்கள் நாலைந்து சேர்ந்தாலே இது கள் இறக்குவதைப் பற்றிய ஆவணப்படம் என்று பார்ப்பவர் முடிவு கட்டிவிடுவார். படத்தில் அந்த மரமேறுபவர் வருவது ஒரே ஒரு காட்சியில். கை நீளும் இரண்டாவது பக்கம் படத்தின் கடைசிப் பகுதி, ஏனெனில் உணர்ச்சி மிகுந்த ஷாட்கள் அங்கேதான் இருக்கின்றன. அண்ணன் தலையில் மண்கூடையுடன் தம்பியின் பக்கத்தில் நிற்கும் ஷாட் ஒரு விநாடிதான் வரும். அந்த ஒரு விநாடியே இருவரும் சேர்ந்துவிடுவார்கள் என்று சொல்லிவிடும். கதை தெரிந்த படத்தொகுப்பாளருக்கு அது வெறும் அழகான ஷாட், கதை தெரியாதவருக்கு அது முடிவு. தொகுப்பு வழியில் போகிறவர்கள் வெட்டத் தொடங்குவதற்கு முன்பே டைம்லைனில் ஓர் எல்லைக்கோடு போட்டு, அதற்குப் பிந்தைய எதையும் தொடுவதில்லை என்று முடிவு செய்துகொள்ள வேண்டும். இந்தப் படத்தில் அந்தக் கோட்டை நான் இருபத்திரண்டாவது நிமிடத்துக்குப் பின்னால் தள்ளமாட்டேன்.

செலவு இங்கே அதிகம். படத்தின் பின்னணி இசை காட்சிகளின் நீளத்துக்கு எழுதப்பட்டது. 45 விநாடியில் ஏறி முடியும் இசை அதில் இருக்காது. இசையமைப்பாளரிடம் புதிதாகக் கேட்க வேண்டும், அல்லது இசைக் களஞ்சியத்திலிருந்து விலைக்கு வாங்க வேண்டும். வாங்கும்போது உரிமத்தில் விளம்பரப் பயன்பாடும் அடங்குகிறதா என்று படித்துப் பார்க்க வேண்டும். படத்துக்குள் பயன்படுத்த மட்டும் வாங்கிய இசையை டீசரில் வைத்தால் பிறர் இசையைத் தானாகவே அடையாளம் காணும் யூடியூபின் Content ID வழியாக உரிமைக் கோரிக்கை வரக்கூடும், திரையிடலுக்கு முந்தைய வாரத்தில் டீசர் முடங்குவதைவிட மோசமான நேரம் இல்லை. அடுத்தது நிறம்: படத்தில் பத்து நிமிட இடைவெளியில் வரும் பகல் ஷாட்டும் மாலை ஷாட்டும் அடுத்தடுத்து வரும்போது முன்பு தெரியாத நிற வேறுபாடு துருத்திக்கொண்டு தெரியும், முப்பதையும் மீண்டும் சமன் செய்ய வேண்டும். நீள்வாக்குப் பிரதிக்கு முப்பதையும் தனித்தனியே நகர்த்திப் பொருத்த வேண்டும்.

இவ்வளவுக்கும் பிறகு இந்த வழியே சிறந்தது என்று சொல்லக்கூடிய படங்கள் உண்டு. அறியப்பட்ட நடிகர் ஒருவராவது இருக்கும் படம். பல தனிக்கதைகள் சேர்ந்த படம், அதில் ஒரு காட்சியை எடுத்தால் மற்றவை இல்லாததுபோல் ஆகிவிடும். ஒரு திருவிழாவையோ சந்தையையோ பற்றிய ஆவணப்படம், அதில் இடமும் கூட்டமுமே பொருள். மொழி தடையாகாமல் எல்லைக்கு இருபுறமும் ஒரே பிரதியை அனுப்பலாம் என்ற வசதியும் இதற்கு உண்டு.

மூன்றாவது வழி: ஒரு குரல், அதன் மேல் படங்கள்

முப்பத்தொன்றாவது நிமிடத்தில் அம்மா சொல்வது இது: "கெணறு அந்தப் பக்கம், மரம் இந்தப் பக்கம். நடுவுல நிக்கற நான் எந்தப் பக்கம் சாமி?" சுமார் ஒன்பது விநாடி. இந்தக் குரலை எடுத்துக்கொண்டு, பூட்டு, காய்ந்த மட்டை, எல்லையில் நடப்பட்ட கல், அடுப்படியில் அம்மாவின் கை என்று நாலைந்து நீண்ட ஷாட்களை அதன் முன்னும் பின்னும் ஓட விட்டால் அழகான டீசர் வரும். படம் அமைதியானது என்பதை அது உண்மையாகச் சொல்லும். குறைந்த ஷாட்கள் என்பதால் வேலையும் குறைவு.

ஆனால் ஒலி அணைந்த கைபேசியில் இந்த வழிக்குக் கையும் காலும் இல்லை. குரலைக் கேட்காதவருக்கு மிஞ்சுவது சப்டைட்டில். அது முதல் மூன்று விநாடிக்குள் வராவிட்டால் அவர் தள்ளிவிட்டுப் போய்விடுவார். சப்டைட்டிலும் எளிதல்ல. தமிழ்ச் சொற்கள் நீளமானவை. கைபேசித் திரையில் படிக்கும் அளவு எழுத்தில் இந்த வசனம் ஒரே நேரத்தில் அடங்காது, இரண்டு அல்லது மூன்று முறை மாற்றிக் காட்ட வேண்டும். மலையாளத்துக்குத் தனிப் பிரதி வேண்டும். நம் பகுதியில் இரு மொழியும் எல்லோருக்கும் காதில் விழுந்த மொழிதான் என்றாலும், திருச்சூருக்கு அப்பால் உள்ள பார்வையாளருக்கு அம்மாவின் கொங்குத் தமிழ் பிடிபடாது. ரீல்ஸ் போன்ற இடங்களில் திரையின் கீழ்ப்பகுதியைக் கணக்கின் பெயரும் பொத்தான்களும் மறைப்பதால் எழுத்தை நடுவுக்கு ஏற்றி வைக்க வேண்டும்.

குரல் பதிவும் சுத்தமாக இருக்க வேண்டும். காட்சிக்குள் காற்றும் பாத்திர ஓசையும் கலந்திருக்கும் வசனம் அதே காட்சியில் இயல்பாக ஒலிக்கும். வேறு ஷாட்டின் மேல் வைத்தால் பின்னாலிருக்கும் காற்று எங்கிருந்து வருகிறது என்று காது தேடும். அம்மாவை மறுபடி டப்பிங் அறைக்கு அழைத்தால் குரலின் நிறம் படத்தில் உள்ளதுபோல் இருக்காது.

எனக்கு மிகவும் உறுத்துவது வேறொன்று. இந்தப் படத்தில் அம்மா இரண்டு காட்சிகளில்தான் வருகிறார்; டீசர் அவரைச் சுற்றி இருந்தால் அவருடைய கதை என்று நம்பி வருபவர் ஏமாறுவார். மேலும், முப்பது நிமிடம் பொறுத்திருந்து அரங்கில் முதன்முறையாகக் கேட்க வேண்டிய வசனத்தை டீசரில் பத்துமுறை கேட்டுவிட்டு வருபவருக்கு, அது அங்கே வெறும் நினைவூட்டலாகிவிடும். படத்தின் மிகச் சிறந்த வசனத்தை டீசருக்குச் செலவழிப்பது வாசலிலேயே விருந்தைப் பரிமாறிவிடுவது போன்றது. கதைசொல்லியின் குரல் தொடக்கம் முதல் ஓடும் படமாக இருந்தால், அல்லது ஒருவர் தன் வாழ்க்கையைத் தானே சொல்லும் ஆவணப்படமாக இருந்தால், இந்தக் குறைகள் பெரும்பாலும் இல்லை. அப்போது முதல் ஐந்து நிமிடத்தில் வரும் ஒரு வாக்கியமே போதும், இந்த வழியே முதல் தேர்வு.

பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்

| அளவுகோல் | ஒரே காட்சி | தொகுப்பு | குரல் |
|---|---|---|---|
| விட்டுச் செல்லும் கேள்வி | தெளிவு: சாவியைத் தருவாரா? | மங்கல் | தெளிவு, ஆனால் அம்மாவைப் பற்றியது |
| ஒலியின்றி முதல் 3 விநாடி | நன்று | நன்று, பொருள் குறைவு | சப்டைட்டிலை நம்பியே |
| முடிவு தெரிந்துவிடும் ஆபத்து | குறைவு | அதிகம் | நடுத்தரம் |
| ஸ்டெம் இல்லாமல் வெட்டலாமா | பெரும்பாலும் முடியும் | புதிய இசை இருந்தால் மட்டும் | குரல் சுத்தமாக இருந்தால் மட்டும் |
| புதிய செலவு | குறைவு | இசை, உரிமம், நிறம் | இரு மொழிப் பிரதிகள் |
| நீள்வாக்கில் மாற்றுதல் | ஏழு ஷாட், ஒன்று சிக்கல் | முப்பது ஷாட் | நாலைந்து ஷாட் |

டீசரை அரங்கில் வேறொரு படத்தின் இடைவேளையில் காட்ட விரும்பினால், படத்துக்குச் சான்றிதழ் இருந்தாலும் டீசருக்கும் தணிக்கைச் சான்றிதழ் தனியே பெற வேண்டும். இந்தச் செலவும் காலமும் மூன்று வழிக்கும் பொதுவானவை என்பதால் அட்டவணையில் சேர்க்கவில்லை. ஆனால் திரையிடும் நாளிலிருந்து பின்னோக்கி எண்ணும்போது அதற்கும் இடம் ஒதுக்க வேண்டும்.

வெட்டிய பிறகு சரிபார்ப்பது

படத்தைப் பார்த்தவர்களிடம் டீசரைக் காட்டிக் கருத்துக் கேட்பதில் பயனில்லை. அவர்கள் இல்லாததையும் நிரப்பிப் பார்ப்பார்கள். கதையே தெரியாத நாலைந்து பேரிடம், அதில் பாதிப் பேர் மலையாளம் மட்டும் பேசுபவர்களாக இருந்தால் நல்லது, முதலில் ஒலியின்றியும் பிறகு ஒலியுடனும் ஒருமுறை காட்டிவிட்டு மூன்று கேள்வி கேட்க வேண்டும்: இதில் யார் யார் இருக்கிறார்கள், அவர்களுக்கு என்ன வேண்டும், அடுத்து என்ன நடக்கும்? முதல் இரண்டுக்கும் பதில் வந்து, மூன்றாவதுக்கு ஆளுக்கொரு பதில் வந்தால் வெட்டு சரியான இடத்தில் இருக்கிறது. மூன்றாவதுக்கும் எல்லோரும் ஒரே பதிலை உறுதியாகச் சொன்னால் எங்கோ முடிவு கசிந்திருக்கிறது. ஒவ்வொரு ஷாட்டாக நிறுத்தி, எதைப் பார்த்து அப்படிச் சொன்னார்கள் என்று கேட்டு அந்த ஷாட்டை எடுத்துவிட வேண்டும். இரண்டாவதுக்கே பதில் வரவில்லை என்றால் மறைத்தது அதிகம். பூட்டுக் காட்சியில் அப்படி நடந்தால் சாவி நழுவும் ஷாட்டை இன்னும் ஒரு விநாடி நீட்டி, அதற்கு ஈடாக அகன்ற ஷாட்டில் ஒரு விநாடியைக் குறைப்பேன், வசனம் சேர்க்கமாட்டேன்.

இரண்டு டீசர் வெளியிட முடிந்தவர்கள் ஒரே காட்சியை முதலிலும், திரையிடலுக்கு ஒரு வாரம் முன்பு தொகுப்பையும் வைத்துக்கொள்ளலாம். முதலாவதைப் பார்த்தவருக்கு அண்ணன் தம்பியின் முகம் அதற்குள் தெரிந்திருக்கும் என்பதால், ஒரு விநாடித் துண்டுகளும் அப்போது அடையாளம் காணப்படும். முப்பது ஷாட்டுக்குப் பதில் பதினைந்து போதும், இருபத்திரண்டாவது நிமிடத்தின் கோடு அப்போதும் பொருந்தும்.